இரண்டு லேப்டாப், ஓர் அறை: மீட்டிங்கில் ஊளை எங்கிருந்து வருகிறது?

சென்னையில் ஓர் ஆபீஸ் அறை. கவிதாவும் ரஃபியும் ஒரே மேசையில், ஆளுக்கொரு லேப்டாப்போடு, ஒரே மீட்டிங்கில் இருக்கிறார்கள். மீனா கோயம்புத்தூரிலிருந்து சேர்ந்திருக்கிறார். அறையில் உள்ள இரண்டு லேப்டாப்பிலும் மைக், ஸ்பீக்கர் எல்லாம் திறந்தே இருக்கின்றன. கவிதா "ஹலோ, கேக்குதா?" என்கிறார். கால் நொடி கழித்து ரஃபியின் லேப்டாப் அதையே சொல்கிறது. மறுபடியும் சொல்கிறது. நாலைந்து நொடிக்குள் வார்த்தையெல்லாம் கரைந்து, 'கூ' என்று ஒரே சுருதியில் ஊளை கிளம்புகிறது.

இதே லேப்டாப்பை ஒவ்வொன்றாகத் தனி அறையில் வைத்துப் பேசினால் ஒரு சிக்கலும் இல்லை. இத்தனைக்கும் லேப்டாப்பின் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அதிகம் போனால் ஓரிரு சாண் தூரம்தான் இருக்கும். மீனா பேசுவது ஸ்பீக்கரில் வந்து, அப்படியே மைக்கில் நுழைந்து, திரும்ப மீனாவுக்கே போயிருக்க வேண்டும். போகாமல் தடுப்பது மீட்டிங் செயலிக்குள் இருக்கும் எதிரொலி நீக்கி. 1960-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இதற்கு வழி கண்டார்கள். பஞ்சாபில் பிறந்த மன் மோகன் சோந்தி அவர்களில் ஒருவர். அவருடைய கட்டுரை 1967-இல் வந்தது. அப்போது தொல்லை கொடுத்தது தொலைதூரத் தொலைபேசியின் எதிரொலி. லேப்டாப்பிலும் இன்று அதே யோசனைதான் ஓடுகிறது.

வேலை செய்யும் விதம் இது. ஸ்பீக்கருக்கு அனுப்பப்போகும் ஒலியின் நகல் ஒன்றைச் செயலி கையில் வைத்துக்கொள்கிறது. அந்த ஒலி நேராகவும், மேசையில் பட்டும், சுவரில் பட்டும் மைக்குக்கு எவ்வளவு தாமதத்தில், எவ்வளவு குறைந்து வருகிறது என்று கணக்குப் போட்டபடியே இருக்கிறது. யாராவது நாற்காலியை நகர்த்தினால் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. மைக்கில் வந்ததிலிருந்து அந்தக் கணக்குப்படி நகலைக் கழித்துவிட்டால், மிஞ்சுவது அறையில் இருப்பவரின் குரல் மட்டும்.

கையில் நகல் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். கவிதாவின் லேப்டாப்பிடம் இருப்பது தன் ஸ்பீக்கரில் ஒலிப்பதன் நகல் மட்டுமே. பக்கத்தில் ரஃபியின் ஸ்பீக்கர் எந்தக் கணத்தில் எதை ஒலிக்கிறது என்பது அதற்குத் தெரியாது. சர்வரும் உதவாது. ஒவ்வொருவருக்கும் அவரவர் குரலை விட்டுவிட்டு மற்றவர்கள் குரலைத்தான் அது அனுப்பும். அது சரியான ஏற்பாடுதான். ஆனால் கவிதாவின் குரல் ரஃபியின் ஸ்பீக்கர் வழியாக வரும்போது, கவிதாவின் லேப்டாப்புக்கு அது யாரோ புதிதாகப் பேசுவதாகவே படுகிறது. மரியாதையாக எடுத்துச் சர்வருக்கு அனுப்பிவிடுகிறது. கவிதாவின் மைக், சர்வர், ரஃபியின் ஸ்பீக்கர், அறைக் காற்று, மறுபடியும் கவிதாவின் மைக். சுற்று மூடிவிட்டது. ரஃபியின் மைக்கிலிருந்து கவிதாவின் ஸ்பீக்கர் வழியாக இன்னொரு சுற்றும் ஓடும்.

ஒருமுறை சுற்றிவர கால் நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் ஒலி 0.8 மடங்காகக் குறைந்தால், நாலு சுற்றில், அதாவது ஒரு நொடியில், பாதிக்கும் கீழே போய்விடும். எதிரொலி கேட்கும், ஆனால் அடங்கிவிடும். யாரோ வால்யூமைக் கூட்டுகிறார். இப்போது ஒவ்வொரு சுற்றிலும் 1.2 மடங்கு என்றால், மூன்று நொடியில் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. ஒன்றுக்குக் கீழா மேலா என்பதுதான் எதிரொலிக்கும் ஊளைக்கும் உள்ள எல்லைக்கோடு.

கல்யாண மண்டப மைக் செட்டிலும் நடப்பது இதே சுற்றுதான். ஆனால் அங்கே 'ஹலோ, ஹலோ' என்ற கட்டமே கிடையாது, எடுத்த எடுப்பில் 'கீச்' என்று கத்தும். மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே மூன்று மீட்டர் என்றால் ஒலி அதைக் கடக்க சுமார் 9 மில்லிநொடி போதும். நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல் ஓடிவிடும். மீட்டிங்கில் நொடிக்கு நாலு சுற்றுதான் என்பதால், ஊளை பிறப்பதை நம்மால் காதாரக் கேட்க முடிகிறது.

அப்புறம், பேச்சு ஏன் ஒற்றைச் சுருதியாக மாறுகிறது? எல்லாச் சுருதியும் ஒரே அளவில் பெருகுவதில்லை. சின்ன ஸ்பீக்கர், மைக், அறை மூன்றும் சேர்ந்து சிலவற்றுக்குச் சலுகை காட்டும். ஒரு சுருதி சுற்றுக்கு 1.2 மடங்கும் இன்னொன்று 1.1 மடங்கும் வளர்ந்தால், இருபது சுற்றில் முன்னது 38 மடங்கு, பின்னது 7 மடங்குகூட இல்லை. 0.9 மடங்கானவை காணாமலே போகும். ஸ்பீக்கர் தன் உச்சத்தைத் தொடும்போது வளர்ச்சி நின்று, அந்த ஒரு சுருதி மட்டும் நின்று ஒலிக்கும். யாரும் பேசாமல் அமைதியாக இருக்கும்போது திடீரென ஊளை கிளம்புவதும் உண்டு. அமைதி நீண்டால், குரல் மெல்லியதாக இருக்கிறதோ என்று மைக்கின் தானியங்கிக் கட்டுப்பாடு உணர்திறனைக் கூட்டக்கூடும். ஃபேன் சத்தமே விதையாகிவிடும்.

வழக்கமாக எல்லோரும் செய்வது, "ரஃபி, மியூட் போடுங்க!" என்று கத்துவது. ரஃபி மைக்கை மியூட் செய்கிறார். கவிதாவின் சுற்றில் ரஃபியின் மைக்குக்கு வேலையே இல்லை. அவருடைய ஸ்பீக்கருக்குத்தான் வேலை. அது திறந்திருக்கும் வரை கவிதாவின் குரல் வந்துகொண்டேதான் இருக்கும். கால் நொடி தாமதமாகத் தன் குரலையே கேட்டுக்கொண்டு பேசினால் நாக்கு தடுமாறும் என்பது வேறு. சரி, ரஃபி இயர்போன் மாட்டிக்கொண்டு மைக்கை மட்டும் திறந்து வைத்தால்? கவிதாவின் சுற்று அறுந்துவிடும். ரஃபியின் மைக், கவிதாவின் ஸ்பீக்கர், ரஃபியின் மைக் என்ற மற்ற சுற்று அப்படியே இருக்கும். இருவருமே இயர்போன் போட்டால் ஊளை நிற்கும். ஆனால் கவிதாவின் குரலை இரண்டு மைக்கும் பிடிப்பதால், மீனாவுக்கு அது இரட்டையாகக் கேட்கலாம்.

ஆகவே ஓர் அறைக்கு ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர், அதுவும் ஒரே கருவியில். மற்ற லேப்டாப்கள் திரையைப் பார்க்க மட்டும். Zoom-இல் Leave Computer Audio, Teams-இல் சேரும்போது Don't use audio, Google Meet-இல் Companion mode எல்லாம் இதற்காகவே இருக்கின்றன. ஒரே அறையில் உள்ள பல லேப்டாப்களின் மைக்கையும் ஸ்பீக்கரையும் ஒத்திசைத்து ஓட்டும் வசதியை Meet 2024-இல் கொண்டுவந்தது. சாதாரணமாக அது கடினம்: ஒவ்வொரு லேப்டாப்புக்கும் தனிக் கடிகாரம், இணையத்தில் தனித் தாமதம். மீனாவின் குரல் கவிதாவின் ஸ்பீக்கரில் முதலிலும் ரஃபியின் ஸ்பீக்கரில் சற்றுப் பின்னாலும் ஒலித்தால், ரஃபியின் லேப்டாப் கழிப்பதற்கான நகலை எடுக்கும் முன்பே அந்தக் குரல் அதன் மைக்கில் நுழைந்துவிடும்.

அப்போது மீனா தன் குரலையே கேட்கிறார். அவர் பெரும்பாலும் தன் லேப்டாப்பைத்தான் சந்தேகப்படுவார், ஆனால் கோளாறு எதிர்ப்பக்கத்தில். கண்டுபிடிப்பது எளிது. மீனா பேசும்போது பேசாத யாருடைய பெயர்க் கட்டம் மின்னுகிறது என்று பார்த்தால் போதும், குரல் அந்த மைக் வழியாகத்தான் திரும்புகிறது. மீட்டிங்கை நடத்துபவராக இருந்தால் அந்த மைக்கை இங்கிருந்தே மியூட் செய்துவிடலாம். ஆனால் பக்கத்து லேப்டாப்பின் ஸ்பீக்கரை இங்கிருந்து மூட முடியாது; அதற்கு ரஃபியிடம்தான் சொல்ல வேண்டும்.