ரோல் செய்வது: தவணை நீட்டிப்பா, புது ஒப்பந்தமா?

ஆப்ஷன் விற்பவர்கள் நஷ்டத்தில் மாட்டும்போது அடிக்கடி சொல்வது, "அடுத்த மாசத்துக்கு ரோல் பண்ணிட்டேன்". ரோல் என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சு வழியாக லத்தீன் 'ரோட்டுலா'விலிருந்து வந்தது. சிறு சக்கரம் என்று பொருள். கடன் வாங்கியவர் தவணை நாளில் முதலைக் கட்டாமல், புதுக் கடன் எடுத்துப் பழையதை அடைப்பதையும் ரோல் ஓவர் என்பார்கள். ஆப்ஷனில் வரும் ரோலும் அதே வேலையைத்தான் செய்கிறது.

தமிழில் சிலர் இதைத் 'தவணை நீட்டிப்பு' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நீட்டிப்பு என்றால் பழைய ஒப்பந்தமே தொடர்கிறது என்று பொருள்படும், ஆனால் நடப்பது வேறு: விற்ற புட்டை, அதாவது பங்கைக் குறித்த விலைக்கு உங்களிடம் விற்கும் உரிமையை, இன்றைய விலைக்குத் திரும்ப வாங்கி முடிக்கிறீர்கள், நஷ்டம் அங்கேயே உறுதியாகிவிடுகிறது, அப்புறம் பிந்தைய எக்ஸ்பைரியில், அதாவது இன்னும் தள்ளி முடியும் தேதியில், புதிதாக ஒரு புட் விற்கிறீர்கள். இரண்டும் ஒரே ஆர்டரில் போவதால் ஒன்றுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான். 'முடித்துப் புதுப்பித்தல்' என்பதே சரியான சொல், சுருக்கமாகப் 'புதுப்பித்தல்' என்றும் சொல்லலாம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பங்கு 104-இல் இருக்கும்போது, 30 நாளில் முடியும் 100 ஸ்ட்ரைக் புட்டை 2-க்கு விற்றீர்கள். ஸ்ட்ரைக் என்பது அந்தக் குறித்த விலை. எக்ஸ்பைரிக்கு 5 நாள் இருக்கையில் பங்கு 94-க்கு வந்துவிட்டது, புட்டின் விலை 6.1. இப்போது முடித்தால் நஷ்டம் 4.1. அடுத்த மாத எக்ஸ்பைரிக்கு, அதாவது 35 நாள் கழித்து முடியும் அதே 100 புட் 7.3-க்கு விலை போகிறது என்று வையுங்கள். ரோல் செய்தால் 1.2 கைக்கு வருகிறது.

அந்த 1.2 லாபம் இல்லை. புது புட்டின் 7.3-இல் 6 என்பது பங்கு ஏற்கெனவே ஸ்ட்ரைக்குக்குக் கீழே இருப்பதற்கான உள்மதிப்பு, மீதி 1.3 மட்டும்தான் காலமதிப்பு, நீங்கள் காத்திருப்பதற்குக் கிடைக்கும் கூலி. மொத்தக் கணக்கில் 2 வந்து, 6.1 போய், 7.3 வந்ததால் 3.2 கையில் நிற்கிறது, எனவே லாப நஷ்டமற்ற விலை 98-இலிருந்து 96.8-க்கு இறங்குகிறது. பங்கு 97-க்கு ஏறினாலே தப்பித்துவிடலாம் என்பது உண்மையான பலன்தான். ஆனால் 85-க்கு இறங்கினால் எக்ஸ்பைரியில் நஷ்டம் 11.8, இன்றே முடித்திருந்தால் 4.1-ஓடு போயிருக்கும்.

ஆகவே கேட்க வேண்டியது ஒன்றுதான்: கையில் எந்த பொசிஷனும் இல்லையென்றால், இன்று 94-இல் நிற்கும் இந்தப் பங்கில் 100 புட்டை 7.3-க்கு விற்பீர்களா? கம்பெனி மீது பழைய நம்பிக்கை அப்படியே இருக்கிறது, சந்தை மொத்தமாக இறங்கியதோடு இதுவும் இறங்கியது, பங்கை வாங்க நேர்ந்தாலும் பணம் இருக்கிறது என்றால் விற்கலாம், ரோலும் செய்யலாம். வருமானம் சரிந்ததால் விழுந்த பங்கு என்றால், நீங்கள் முதலில் விற்ற காரணமே போய்விட்டது. அப்போது ரோல் நஷ்டத்தைத் தேதி மாற்றி வைப்பது மட்டும்தான், புரோக்கரிடம் பிணையாக வைத்த மார்ஜினும் அத்தனை நாள் முடங்கிக் கிடக்கும்.

இன்னொரு விஷயம், நேரத்தைப் பற்றியது. காலமதிப்பு அதிகம் இருப்பது பங்கு விலை ஸ்ட்ரைக்குக்கு அருகில் இருக்கும்போதுதான், தூரம் போகப்போக அது வற்றிவிடும். மேலே சொன்ன பங்கு 85-க்கு வந்த பிறகு ரோல் செய்யப் போனால், ஒரு மாதம் தள்ளினாலும் கிடைப்பது 0.1-ஐத் தாண்டாது, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியே அதைத் தின்றுவிடும். காலமதிப்பே இல்லாத புட்டை, அமெரிக்க முறை ஆப்ஷனாக இருந்தால், வாங்கியவர் எக்ஸ்பைரிக்கு முன்பே நிறைவேற்றச் சொல்லவும் கூடும். ரோலில் கிடைக்கும் தொகை ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வருகிறதென்றால், நஷ்டம் தள்ளிப்போகிறதே தவிர எதுவும் மீளவில்லை.

சிலர் ஸ்ட்ரைக்கையும் கீழே இறக்குவார்கள். பங்கு 94-இல் நிற்கும்போதே 35 நாள் 95 புட்டுக்கு மாறினால் கிடைப்பது 4 அளவில்தான், பழையதை வாங்க 6.1 வேண்டுமென்பதால் கைக்காசு 2.1 போகிறது. கைக்காசு போடாமல் 95-க்கு இறங்க வேண்டுமானால் ஏறக்குறைய 3 மாதம் தள்ளிப் போக வேண்டும், ஏனென்றால் அங்கேதான் அந்தப் புட்டின் விலை 6.1-ஐ எட்டுகிறது. ஸ்ட்ரைக் 5 குறைவதற்கு விலையாக நீங்கள் கொடுப்பது அந்த 3 மாதத்தின் பிரீமியம் முழுவதும், அதற்கிடையில் ஒவ்வொரு சரிவும் உங்கள் மார்ஜினைத்தான் தொடும்.