புகைவிடாய்: 'ஆசை' என்று எழுதுவது ஏன் பிழை

"புகைக்கும் ஆசையைக் கட்டுப்படுத்துங்கள்." கிளினிக் சுவர்களிலும் துண்டுப்பிரசுரங்களிலும் இந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது. நிக்கொட்டின் இறங்கும்போது உடம்பு எழுப்பும் அந்த உந்தலுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் கண்ட தமிழ் 'ஆசை'. அது பிழையான சொல். திருகோணமலையில் இதற்கு வேண்டிய சொல் எல்லோர் வாயிலும் ஏற்கெனவே இருக்கிறது: தாகத்தைச் சொல்லும் விடாய்.

முதலில் நிக்கொட்டின். ஜான் நிக்கோ என்பவர் போர்த்துக்கலில் பிரான்சின் தூதராக இருந்தவர். 1560 அளவில் புகையிலையைப் பிரெஞ்சு அரசவைக்கு அனுப்பினார். அவர் பெயரால் செடிக்கு நிக்கோட்டியானா என்று பெயர் வந்தது. 1828இல் ஜெர்மனியில் அதிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கும் அதே பெயரின் சாயலே வாய்த்தது. ஆட்பெயரிலிருந்து வந்த சொல் என்பதால் தமிழாக்கம் தேவையில்லை. 'புகையிலை நஞ்சு' என்று எழுதுகிறவர்கள் தாரையும் காபனோரொட்சைட்டையும் சேர்த்துக் குழப்புகிறார்கள்.

இனி உடம்புக்குள் நடப்பது. ஒரு இழுவையின் புகை நுரையீரலின் சிற்றறைகளுக்குள் போனதும் நிக்கொட்டின் இரத்தத்தில் கலக்கிறது. அந்த இரத்தம் நேரே இதயத்தின் இடப்பக்கம் வந்து, அங்கிருந்து கழுத்து நாடிகள் வழியாகத் தலைக்கு ஏறுகிறது. விழுங்கிய மருந்தென்றால் முதலில் ஈரலுக்குப் போய் அங்கே பெரும்பகுதி சிதைந்திருக்கும். புகைக்கு அந்தத் தடை இல்லை. இழுத்து 10 முதல் 20 வினாடிக்குள் நிக்கொட்டின் மூளையில் இருக்கிறது. ஒரு சிகரெட்டில் 10 மில்லிகிராமுக்கு மேல் நிக்கொட்டின் இருந்தாலும் உடம்பில் சேர்வது ஏறக்குறைய 1 மில்லிகிராம்தான். வேகம்தான் அந்தச் சிறு அளவை வலுவாக்குகிறது. கை வாய்க்குப் போனதும் பலன் கிடைத்ததும் அடுத்தடுத்து நடப்பதால் மூளை இரண்டையும் ஒன்றாக முடிச்சுப்போட்டுவிடுகிறது. தோலில் ஒட்டும் நிக்கொட்டின் பட்டை உச்சத்தைத் தொட மணிக்கணக்காகும். அதனால்தான் ஒருவரும் பட்டைக்கு விடாய்ப்பதில்லை.

மூளையில் நரம்புகள் சேதி கடத்தும் பொருளான அசற்றைல்கோலினைப் பிடிக்கவென்று உள்ள வாங்கிகளில் நிக்கொட்டின் போய் அமர்கிறது, டோபமின் என்ற இன்னொரு சேதிப்பொருள் சுரக்கிறது, ஒரு தெளிவு வருகிறது. சற்று நேரத்தில் அந்த வாங்கிகள் மரத்துப்போகின்றன. நாள்தோறும் இப்படி மரத்துப்போவதை ஈடுசெய்ய மூளை வாங்கிகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிடுகிறது. விடாயின் வேர் இந்தக் கூடுதல் வாங்கிகளில் இருக்கிறது.

உட்துறைமுகம் வீதிப் பக்கம் ஓட்டோ ஓட்டும், நாளுக்குப் பன்னிரண்டு சிகரெட் பத்தும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கடைசிச் சிகரெட் இரவு 10 மணிக்கு. இரத்தத்தில் நிக்கொட்டின் பாதியாகக் குறைய ஏறத்தாழ 2 மணித்தியாலம் எடுக்கும். காலை 6 மணிக்குள் நான்கு முறை பாதியாகிவிடும். 16 பங்கு இருந்த இடத்தில் 1 பங்கு மிச்சம். இரவு முழுக்க வாங்கிகள் ஒவ்வொன்றாக வெறுமையாகி, மரத்த தன்மை நீங்கி, விழித்து நிற்கின்றன. எழும்பியவருக்கு எரிச்சல், ஒன்றிலும் மனம் நில்லாமை, வாயில் ஒரு வெறுமை. பிளேன்டீயோடு முதல் சிகரெட்டைப் பத்தவைத்ததும் அவ்வளவும் அடங்குகிறது. "இதுதான் சுகம்" என்கிறார். உண்மையில் அவருக்குக் கிடைத்தது, புகைக்காதவர் காலையில் எழும்பும்போதே இருக்கும் நிலை. நேற்றைய சிகரெட் உண்டாக்கிய குறையை இன்றைய சிகரெட் தீர்க்கிறது, நாளைய குறையையும் சேர்த்தே வைத்துவிட்டுப் போகிறது. பகலில் மணிக்கொன்றாகப் புகைக்கும்போது முந்தியது கரையுமுன் அடுத்தது சேர்வதால் பின்னேரம் புகைப்பவை சப்பென்று இருக்கும். ஆனாலும் கை போகும்.

இந்தப் பின்னேரச் சிகரெட்டில்தான் 'ஆசை' உடைந்துபோகிறது. தமிழில் ஆசை இனிமை தெரிந்து வருவது. மாம்பழத்துக்கு ஆசை, பேரப்பிள்ளையைப் பார்க்க ஆசை. தின்று அலுத்த பண்டத்தில் ஒருவருக்கும் ஆசை இருக்காது. புகைப்பவருக்கோ ருசி போன பின்னும், இருமல் பிடித்த பின்னும், வெறுப்பே வந்த பின்னும் உந்தல் நிற்பதில்லை. மூளையில் 'வேண்டும்' என்பதும் 'பிடிக்கும்' என்பதும் வெவ்வேறு வழிகளில் நடப்பவை. நிக்கொட்டின் முதலாவதைத்தான் இறுக்குகிறது. ஆசை என்ற சொல் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அதைவிடப் பெரிய கேடு, 'ஆசை' என்றவுடன் அடுத்த சொல் 'அடக்கு' என்றே வருவது. ஆசை துன்பத்துக்குக் காரணம் என்று கேட்டு வளர்ந்த சமூகம் இது. புகைப்பவர் மனவுறுதி இல்லாதவராகத் தலைகுனிந்து நிற்கிறார். எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்ற கேள்விகளை ஒருவரும் கேட்பதில்லை.

சிலர் 'வேட்கை' என்று எழுதுகிறார்கள். வேரைப் பார்த்தால் குறையில்லை. வேள் என்பதிலிருந்து வந்தது, தாகத்துக்கு நீர்வேட்கை என்ற பழைய வழக்கும் உண்டு. ஆனால் இன்று விடுதலை வேட்கை, அறிவு வேட்கை என்று அது மேடைக்கு ஏறிவிட்டது. சிகரெட்டோடு அதைச் சேர்த்தால் உயர்ந்த நோக்கம் போல் ஒலிக்கிறது. 'ஏக்கம்' இங்கே தாயைக் காணாத பிள்ளைக்கு வருவது.

"தண்ணி விடாய்க்குது" என்று நம் ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். அகராதிகளில் தாகம், களைப்பு, மிகுந்த விருப்பம் மூன்றும் விடாய்க்குப் பொருளாக உண்டு. மூன்றும் இங்கே பொருந்துகின்றன. விடாய் குணக்கேடு அன்று. ஒன்று குறைந்ததால் உடம்பு கேட்பது. 'மாதவிடாய்' நினைவுக்கு வரும் என்பது ஒரு தடை. 'புகைவிடாய்' என்று சேர்த்தெழுதினால் அது தீரும். உண்மையான குறை வேறு. தண்ணீர் குடிக்காமல் தாகம் போகாது, குடிக்காவிட்டால் உடம்பு கெடும். புகைவிடாயோ சிகரெட் இல்லாமலும் சில நிமிடத்தில் தணிந்துவிடும், தீர்க்காமல் விட்டால் கேடும் இல்லை. ஆகவே சொல்லோடு இந்த ஒரு வரியையும் துண்டுப்பிரசுரத்தில் கட்டாயம் அச்சிட வேண்டும்.

இதே துண்டுப்பிரசுரங்களில் 'பின்வாங்கல் அறிகுறிகள்' என்றும் இருக்கிறது. படை பின்வாங்கும், சாட்சி பின்வாங்குவார். சிகரெட்டை நிறுத்தியவர் பின்வாங்கியவரா? எடுத்த முடிவிலிருந்து பின்வாங்கியவர் என்றல்லவா படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். 'நிறுத்தல் அறிகுறிகள்' என்றால் போதும். எரிச்சல், நித்திரைக் குழப்பம், கூடிய பசி ஆகியவை நிறுத்திய சில மணித்தியாலத்தில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்கு வந்து, இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். கூடிய வாங்கிகளும் வாரக்கணக்கில்தான் பழைய எண்ணிக்கைக்குத் திரும்புகின்றன. 'பின்வாங்கல்' என்று படித்து, மூன்றாம் நாள் தான் தோற்றுவிட்டதாக எண்ணி மறுபடி பத்தவைப்பவருக்கு இதை யார் சொல்வது?

கிளினிக்கில் கேட்க வேண்டியது "ஆசை வருதா?" என்று அல்ல. "காலையில எழும்பி எத்தனை நிமிசத்தில விடாய்ச்சுப் பத்துவீங்க?" என்று கேளுங்கள். 5 நிமிடத்துக்குள் என்றால் 3 புள்ளி, அரை மணித்தியாலத்துக்குள் என்றால் 2, ஒரு மணித்தியாலத்துக்குள் என்றால் 1, அதற்குப் பிறகென்றால் 0. நிக்கொட்டினின் பிடி எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் பாகர்ஸ்ட்ரோம் சோதனையின் மிக வலுவான கேள்வி இதுதான். 3 புள்ளி வாங்கிய ஓட்டோக்காரருக்கு வெறும் அறிவுரை போதாது. பட்டையோடு சூயிங்கமும் சேர்த்துக் கொடுப்பதைப் பற்றி வைத்தியர் அப்போதே பேச வேண்டும்.