நிலத்தின் மறுமதிப்பீடும் கடன் விகிதமும்: கணக்கு விதிகள் சொல்வது என்ன?

பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய நிலத்தை அன்றைய விலையிலேயே ஏட்டில் வைத்திருக்கும் நிறுவனம், அதை இன்றைய நியாய மதிப்புக்கு உயர்த்திக் காட்டுவதற்கு இந்தியாவின் கணக்கியல் தரநிலை 10 இடமளிக்கிறது. விலை ஏறிய ஒரு மனையை மட்டும் பொறுக்கியெடுத்து உயர்த்த முடியாது. நிலம் என்ற வகையில் உள்ள அனைத்தையும் மறுமதிப்பீடு செய்ய வேண்டும். அந்த மதிப்பு பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் தந்ததா என்பதையும், 2021 திருத்தத்துக்குப் பின், கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி தெரிவிக்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். பங்கு முதல் 1 கோடி ரூபாய், சேர்த்துவைத்த லாபம் 3 கோடி, கடன் 8 கோடி. ஏட்டில் 2 கோடியாக உள்ள நிலத்தின் மதிப்பு இப்போது 7 கோடி என்று அறிக்கை வருகிறது. நிலம் கணக்கில் 5 கோடியைப் பற்று எழுதி, அதே தொகையை மறுமதிப்பீட்டுக் காப்புக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். இது லாபநட்டக் கணக்கைத் தொடாது. முன்பு இதே நிலத்தின் மதிப்புக் குறைந்து நட்டம் எழுதப்பட்டிருந்தால் மட்டும், அந்த அளவு வரை உயர்வு லாபநட்டக் கணக்குக்குச் செல்லும்.

பங்குதாரர் நிதி 4 கோடியிலிருந்து 9 கோடியாகிறது. கடன்–பங்குமுதல் விகிதம் 2 என்பதிலிருந்து சுமார் 0.89க்கு இறங்குகிறது. கடனில் ஒரு ரூபாய்கூட அடைக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மறுபுறம், ஆண்டு நிகர லாபம் 60 லட்சம் என்றால், ஆண்டிறுதி நிதியின் மேல் கணக்கிடும் வருவாய் விகிதம் 15 சதவீதத்திலிருந்து 6.7 சதவீதமாகச் சரிகிறது. வட்டியைச் செலுத்தும் திறனைக் காட்டும் விகிதமும் நடப்பு விகிதமும் அசையாமல் நிற்கின்றன. கடன் விகிதத்தில் தெரியும் முன்னேற்றம் ஏட்டளவிலானதுதான் என்பதற்கு இதுவே நல்ல அடையாளம். முக்கிய விகிதம் ஒன்று முந்தைய ஆண்டைவிட 25 சதவீதத்துக்கு மேல் மாறினால், காரணத்தைக் குறிப்பில் எழுத வேண்டும் என்றும் அதே திருத்தம் கேட்கிறது. ஆகவே அறிக்கையைப் படிப்பவர் முதலில் புரட்ட வேண்டியது அந்தக் குறிப்பைத்தான்.

சட்டம் இந்த 5 கோடியைக் கையில் வந்த பணமாக எங்கும் ஏற்பதில்லை. கம்பெனிகள் சட்டம் 2013இன் பிரிவு 2(57) நிகர மதிப்பிலிருந்து மறுமதிப்பீட்டுக் காப்பை விலக்குவதால், அந்த அளவுகோலில் இந்தக் கம்பெனியின் மதிப்பு இன்னும் 4 கோடிதான். பிரிவு 63இன்படி இதிலிருந்து போனஸ் பங்கு வழங்க முடியாது; ஈவுத்தொகையும் தர முடியாது. கடன் கேட்டுச் செல்லும்போது வங்கி அதிகாரியும் பெரும்பாலும் இந்தத் தொகையைக் கழித்துவிட்டு, பழைய 2 என்ற விகிதத்தையே தம் தாளில் எழுதிக்கொள்வார். நிலம் உண்மையில் விற்கப்படும் நாளில்தான் இந்தக் காப்பை வருவாய்க் காப்புக்கு நேரடியாக மாற்றலாம்.