முன்பேரம் காப்பீடு அல்ல

போன மாதம் கும்பகோணத்தில், வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களுக்காக ஒரு வங்கி நடத்திய கூட்டத்துக்குப் போயிருந்தேன். டாலர் விலை மாறுவதால் வரும் நஷ்டத்தை முன்கூட்டியே சரிக்கட்டிக்கொள்ளும் ஹெட்ஜிங் என்பதைத் துண்டறிக்கையில் 'நாணயக் காப்பீடு' என்று அச்சிட்டிருந்தார்கள். இதே சொல்லை நான் பார்ப்பது இது மூன்றாவது முறை.

ஹெட்ஜ் என்றால் ஆங்கிலத்தில் உயிர்வேலி. அப்படியே 'வேலி' என்று எழுதினால் நம் டெல்டாவில் 20 மா நிலம் என்றுதான் படிப்பார்கள். ஆகவே அது வேண்டாம். ஆனால் 'காப்பீடு' அதைவிடக் கெடுதல், ஏனென்றால் அது கணக்கையே தப்பாகப் புரியவைக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெரியவரின் மகன் அமெரிக்காவில் இருக்கிறார். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு டாலர் 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவர் 10,000 டாலரை மாற்றி 8 லட்ச ரூபாயை 7 சதவீத வட்டிக்குப் போடுகிறார். வருட முடிவில் 8,56,000 ரூபாய். அன்றைக்கு டாலர் 84 ஆகியிருந்தால் கையில் வருவது சுமார் 10,190 டாலர். 7 சதவீதம் என்று நினைத்தது டாலரில் 1.9 ஆகிவிட்டது.

சரி, வருட முடிவில் டாலர் வாங்கப்போகும் விலையை முதல் நாளே வங்கியோடு பேசி முடித்துவிட்டால்? அமெரிக்காவில் வட்டி 4 சதவீதம் என்றால் அந்த விலை 80-ஐ 1.07-ஆல் பெருக்கி 1.04-ஆல் வகுத்தது, அதாவது ஏறக்குறைய 82.31 ரூபாய். கிடைப்பது 10,400 டாலர். மகன் பணத்தை அமெரிக்காவிலேயே போட்டிருந்தாலும் அதே 4 சதவீதம்தான் வந்திருக்கும். இரண்டு நாட்டு வட்டிக்கும் உள்ள வித்தியாசம்தான் ஹெட்ஜிங் செலவு. வங்கி தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும், அவ்வளவுதான். பிரீமியம் என்று தனியாக எதையும் கட்டுவதில்லை.

கூட்டம் முடிந்ததும் பெரியவர் கேட்டார்: "டாலர் 80-லேயே நின்னுட்டா, நாம காப்பீட்டை விட்டுட்டு 10,700 வாங்கிக்கலாம்ல தம்பி?" முடியாது. டாலரை 82.31-க்குத் தருகிறேன், வாங்குகிறேன் என்று பேசியது இருபக்கத்தையும் கட்டுப்படுத்தும். அந்த 300 டாலர் போனது போனதுதான். வண்டிக் காப்பீட்டில் விபத்து நடக்கவில்லை என்றால் பிரீமியம் மட்டும்தான் போகும். இதில் வரவேண்டிய லாபமும் போகும். பணம் கட்டி, வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்கிற ஒப்பந்தம் வேறு, அது ஆப்ஷன். காப்பீடு என்ற சொல்லை அதற்கு வேண்டுமானால் தரலாம்.

நெல் வயலில் நிற்கும்போதே வியாபாரியிடம் மூட்டைக்கு இவ்வளவு என்று பேசிவிடுகிறோம். அறுவடையில் விலை ஏறினால் "இல்லை" என்று சொல்ல முடியுமா? அதற்கு முன்பேரம் என்ற நல்ல சொல் ஏற்கனவே இருக்கிறது. வங்கியோடு இப்படி முன்னமே விலை பேசும் ஃபார்வர்டு என்றால் முன்பேரம். அதை வைத்து ஒரு பக்கத்து நஷ்டத்தை மறுபக்கத்து வரவால் சரிசெய்வது ஈடுகட்டல். செலவை 'ஈடுகட்டும் செலவு' என்று எழுதலாம், அடைப்பில் 'வட்டி வித்தியாசம்' என்று சேர்த்தால் இன்னும் நல்லது.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் புரட்டுவதற்கு முன், ஒரு முறையாவது இந்த 10,400-ஐத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். துண்டறிக்கையைத் திருத்தச் சொல்லி அந்தக் கிளைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெரியவரும் கையெழுத்துப் போட்டார்.