கடனே இல்லாத கம்பெனிக்கு வட்டி ஏறினால் என்ன?

2022 மே 4 அன்று மதியம் இரண்டு மணிக்கு, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், ரிசர்வ் வங்கி தான் மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 4.40 ஆக்கியது. எல்.ஐ.சி.யின் பங்கு வெளியீடு தொடங்கிய நாளும் அதுதான். மாட்டுங்காவில் இருக்கும் என் மாமா காலையில் அதற்கு விண்ணப்பித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுத்திருந்தார். எழுந்து பார்த்தால் சென்செக்ஸ் 1,300 புள்ளிகளுக்கு மேல் விழுந்து கிடக்கிறது. அன்று மாலை நான் ஆபீஸிலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன்.

“ஒண்ணு மட்டும் சொல்லுடா” என்றார். “நான் வச்சிருக்கிற ரெண்டு கம்பெனிக்கும் ஒரு பைசா கடன் இல்லை. வட்டி ஏறினா இவனுங்களுக்கு என்ன? அதுலயும் வருஷா வருஷம் டிவிடெண்ட் குடுக்கிற கிழட்டுக் கம்பெனி கொஞ்சமா இறங்கறது. வேகமா வளர்றதுன்னு நீ சொன்ன கம்பெனி தலைகுப்புற விழறது. நியாயமா பார்த்தா மாறி இல்ல இருக்கணும்?”

நல்ல கேள்வி. வட்டி உயர்ந்தால் கடன் வாங்கியவனுக்குக் கஷ்டம் என்பது எல்லோருக்கும் புரிகிறது. கடன் வாங்காதவனின் பங்கு ஏன் விழ வேண்டும் என்பது பலருக்குப் புரிவதில்லை. மாமாவுக்கு விளக்குவது எனக்குச் சுலபமாக இருந்தது, ஏனென்றால் அவர் வங்கியில் வேலை பார்த்தபோது பல வருஷம் இருந்தது பில் டிஸ்கவுன்டிங் பிரிவில்.

தொண்ணூறு நாளில் ஒரு லட்சம் வர வேண்டிய பில்லை ஒரு வியாபாரி வங்கியில் கொடுத்து இன்றே பணம் கேட்கிறார். வங்கி 12 சதவீதக் கணக்கில் சுமார் 3,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு 97,000 கொடுக்கும். விகிதம் 13 ஆனால் கழிவு 3,250. வியாபாரிக்கு 250 ரூபாய்தான் குறைகிறது. அவர் கண்டுகொள்ளவே மாட்டார். இங்கே வியாபாரிக்குக் கடன் இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே வரவில்லை. நாளை வரப்போகும் பணத்துக்கு இன்று என்ன விலை என்பது மட்டுமே கேள்வி.

பங்கும் அப்படிப்பட்ட பில்களின் ஒரு கட்டுதான். ஒவ்வொரு வருஷமும் கம்பெனி உங்களுக்குக் கொடுக்கப்போகும் பணம் ஒவ்வொன்றும் ஒரு பில். தவணை தேதிதான் வெகு தூரத்தில் இருக்கிறது. அடுத்த வருஷம் வரும் ஒரு ரூபாய்க்கு 12 சதவீதத்தில் இன்றைய மதிப்பு 89.3 காசு, 13 சதவீதத்தில் 88.5 காசு. ஒரு காசுகூடக் குறையவில்லை. இருபது வருஷம் கழித்து வரும் ஒரு ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். 12 சதவீதத்தில் அது 10.4 காசு, 13 சதவீதத்தில் 8.7 காசு. ஆறில் ஒரு பங்கு போய்விட்டது! கூடுதல் ஒரு சதவீதம் இருபது முறை அடுத்தடுத்துக் கழிக்கப்படுவதுதான் காரணம்.

எதிர்காலப் பணத்தை இன்றைய விலைக்குக் கொண்டுவரும் இந்த விகிதத்தைத்தான் தள்ளுபடி விகிதம் என்கிறோம். அது ரெப்போ விகிதம் இல்லை. பங்குகளுக்கு வழக்கமாக, அரசின் பத்து வருஷக் கடன் பத்திரம் தரும் வட்டியை எடுத்து, பங்கில் போடும் துணிச்சலுக்காகக் கொஞ்சம் கூட்டிக்கொள்கிறோம். ரெப்போ ஏறியும் பத்து வருஷ வட்டி அசையாமல் இருப்பதுண்டு, சந்தை அதை முன்னாலேயே எதிர்பார்த்திருந்தால். அந்த மே மாதப் புதன்கிழமை அப்படி இல்லை. பத்து வருஷ வட்டியும் ஒரே நாளில் கால் சதவீதம் அளவுக்குத் துள்ளியது.

மாமாவின் இரண்டு கம்பெனிகளை அப்படியே கணக்குப் போட்டால் விஷயம் குழம்பும். அதனால் அவற்றைப் போல இரண்டு கற்பனைக் கம்பெனிகளை நோட்டில் எழுதினேன். முதல் கம்பெனி அடுத்த வருஷமே ஒரு பங்குக்கு 8 ரூபாய் டிவிடெண்ட் கொடுக்கும். அது வருஷத்துக்கு 4 சதவீதம் வளர்ந்துகொண்டே போகும். இப்படி என்றைக்கும் ஒரே வேகத்தில் வளரும் டிவிடெண்டுக்கு ஒரு குட்டிச் சூத்திரம் இருக்கிறது:

P = D / (r − g)

P விலை, D அடுத்த வருஷ டிவிடெண்ட், r தள்ளுபடி விகிதம், g வளர்ச்சி. 12 சதவீதத்தில் 8-ஐ 0.08-ஆல் வகுத்தால் 100 ரூபாய்.

இரண்டாவது கம்பெனி பத்து வருஷத்துக்கு ஒன்றும் கொடுக்காது. சம்பாதிப்பதையெல்லாம் கிடங்கு, ஆள், மென்பொருள் என்று தொழிலிலேயே போட்டுவிடும். பதினோராவது வருஷம் 24.85 ரூபாயில் தொடங்கி, அப்புறம் இதுவும் 4 சதவீதம் வளரும். இந்த 24.85-ஐ நான் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன்: 12 சதவீதத்தில் இதன் இன்றைய விலையும் சரியாக 100 ரூபாய்.

ஆக, இரண்டும் நூறு ரூபாய்ப் பங்கு. ஆனால் முதல் கம்பெனியின் நூறு ரூபாயில் 52 ரூபாய் முதல் பத்து வருஷத்துக்குள் கைக்கு வந்துவிடுகிறது. இரண்டாவதில் பூஜ்யம்.

இப்போது தள்ளுபடி விகிதத்தை 13 ஆக்குவோம். கம்பெனிகளில் எதுவும் மாறவில்லை. அதே ஆட்கள், அதே டிவிடெண்ட். முதல் பங்கு 88.9 ரூபாய் ஆகிறது, இரண்டாவது 81.3. பதினொரு ரூபாய் ஓரிடத்தில், கிட்டத்தட்ட பத்தொன்பது ரூபாய் மற்றோரிடத்தில். மாமா பென்சிலை வாங்கித் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தார். வங்கிக்காரர்; என் கணக்கை நம்புவாரா?

இந்த வித்தியாசத்தை ஒரே எண்ணில் சொல்லும் அளவுக்குப் பெயர் டியூரேஷன். கடன் பத்திரங்களுக்காக இதை 1938-இல் வகுத்தவர் ஃபிரடெரிக் மெக்காலே என்ற பொருளாதார அறிஞர். ஒரு நீளமான கோலில் வருஷங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருஷத்துக்கு நேராகவும் அந்த வருஷம் வரும் பணத்தின் இன்றைய மதிப்பை எடைக்கல்லாகத் தொங்கவிடுங்கள். கோலை எந்த வருஷத்தின் கீழ் விரலை வைத்தால் சாயாமல் நிற்குமோ, அதுதான் டியூரேஷன். பணத்துக்காகச் சராசரியாக எத்தனை வருஷம் காத்திருக்கிறோம் என்பதன் அளவு அது.

முதல் கம்பெனிக்கு இது 14 வருஷம். இரண்டாவதுக்கு 24. பத்து வருஷம் தாமதித்ததால் கோலின் சமநிலைப் புள்ளி சரியாகப் பத்து வருஷம் தள்ளிப் போயிருக்கிறது. இந்த எண்ணை 1.12-ஆல் வகுத்தால், விகிதம் ஒரு சதவீதம் நகரும்போது விலை எவ்வளவு நகரும் என்று தோராயமாகத் தெரியும்: 12.5 சதவீதம், 21.4 சதவீதம்.

ஆனால் மேலே கிடைத்த வீழ்ச்சி 11-ம் 19-ம் தானே? காரணம், விலைக்கும் விகிதத்துக்கும் உள்ள உறவு நேர்கோடு அல்ல, வளைவு. விகிதம் 13-க்கு ஏறும்போது நேர்கோடு சொல்வதைவிடக் குறைவாக விழுகிறது. 11-க்கு இறங்கினால் அதைவிட அதிகமாக ஏறுகிறது. முதல் பங்கு 114.3 ஆகும், இரண்டாவது 125. அதனால் கம்பெனிகளை ஆராயும்போது நான் சூத்திரத்தை நம்புவதில்லை. எக்செல்லில் விகிதத்தை ஒரு சதவீதம் மேலேயும் கீழேயும் நகர்த்தி, இரண்டு விலைகளுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துவிடுவேன். கணிப்பு கோணலாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். என்றென்றைக்குமான வளர்ச்சியை யாராவது 9 சதவீதம் என்று போட்டிருந்தால், r-க்கும் g-க்கும் இடையே மூன்றே சதவீதம்தான் மிஞ்சும். விகிதத்தை ஒரு சதவீதம் ஏற்றினாலே விலை நாலில் ஒரு பங்கு இறங்கும். அது கம்பெனியின் குணமில்லை, கணக்குப் போட்டவரின் ஆசை.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. விலைக்கும் லாபத்துக்கும் உள்ள விகிதமான பி.இ. உயரமாக இருந்தாலே நீண்ட டியூரேஷன் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒரு ஸ்டீல் கம்பெனிக்கு மோசமான வருஷத்தில் லாபம் சுருங்கினால் பி.இ. 80-க்குப் போகும். அடுத்த வருஷமே பணம் கொட்டலாம். அது இரண்டாவது கம்பெனியின் ஜாதி இல்லை. பணம் எப்போது வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

நிஜ உலகில் இது தெரிகிறதா? 2022-இல் அமெரிக்காவின் பத்து வருஷ வட்டி சுமார் 1.5 சதவீதத்திலிருந்து 3.9-க்குப் போனது. வளர்ச்சிப் பங்குகள் நிறைந்த நாஸ்டாக் கூட்டுக் குறியீடு அந்த வருஷம் 33 சதவீதம் இறங்கியது. பழைய, நிலைபெற்ற கம்பெனிகள் அதிகமுள்ள டௌ ஜோன்ஸ் சுமார் 9 சதவீதம்தான். பாடப்புத்தகம் போல இருக்கிறது.

அடுத்த வருஷம் அந்தப் புத்தகத்தை மூடிவிட வேண்டியதாயிற்று. 2023-இல் அமெரிக்க மத்திய வங்கி ஜூலை வரை வட்டியை ஏற்றிக்கொண்டே போனது. பத்து வருஷ வட்டியோ இடையில் எங்கெங்கோ அலைந்துவிட்டு, கிட்டத்தட்ட தொடங்கிய இடத்திலேயே முடிந்தது. நாஸ்டாக் 43 சதவீதம் ஏறியது. r மட்டும்தான் நகர்கிறது என்று நாம் வைத்துக்கொண்ட நிபந்தனை இங்கே உடைகிறது. வருங்கால லாபம் பற்றிய எதிர்பார்ப்பும், துணிச்சலுக்குக் கேட்கும் கூடுதலும் தத்தம் போக்கில் நகர்ந்தன. இதே காரணத்தால்தான் வட்டி ஏன் ஏறியது என்பதும் முக்கியம். விலைவாசியால் வட்டி ஒரு சதவீதம் ஏறி, முதல் கம்பெனி தன் சரக்கின் விலையை ஏற்றி டிவிடெண்ட் வளர்ச்சியையும் 5 சதவீதம் ஆக்கிக்கொண்டால், 8-ஐ மறுபடியும் 0.08-ஆல்தான் வகுக்கிறோம். விலை அதே நூறு.

மாமா இதையெல்லாம் கேட்டுவிட்டு நோட்டைத் திருப்பி இரண்டாவது கம்பெனியைப் பார்த்தார். “முதல் டிவிடெண்ட் பதினோராவது வருஷம்னு போட்டிருக்கே. அப்போ எனக்கு எண்பத்தி நாலு.”

“நடுவுல வித்துடலாமே மாமா.”

“விக்கலாம். வாங்கறவன் அன்னிக்கு என்ன ரேட்ல கழிப்பான்?”

அது யாருக்கும் தெரியாது. ஆனால் எவ்வளவு ஆட்டம் இருக்கும் என்று சொல்ல முடியும். கம்பெனி சொன்னபடி நடந்தால், காத்திருக்க வேண்டிய காலம் ஒவ்வொரு வருஷமும் ஒரு வருஷம் குறைகிறது. ஐந்தாவது வருஷம் அவர் விற்கும்போது அதன் டியூரேஷன் 19. முதல் கம்பெனி அன்றைக்கும் 14-லேயே நிற்கும். பத்தாவது வருஷ முடிவில் இரண்டும் ஒரே எண்ணுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு வட்டி ஏறினால் இரண்டும் சேர்ந்தே விழும்.