கிரந்தி, ஒவ்வாமை, அனபிலாக்சிஸ்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் இறாலோ நண்டோ சாப்பிட்டு உடம்பில் தடிப்பு எழும்பினால் ‘கிரந்தி’ என்பார்கள். வடமொழியில் கிரந்தி என்றால் முடிச்சு. தோலில் திட்டுத் திட்டாக வீங்குவதற்கு அது பொருத்தமான பெயர்தான். ஆனால் மூச்சு முட்டும்போதும் அதே பெயரைச் சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

அலர்ஜி என்ற சொல்லை 1906இல் உருவாக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்கே. ‘வேறு’, ‘செயல்’ என்ற இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. தமிழில் ஒவ்வாமை, ‘ஒவ்வு’ என்றால் பொருந்து. நல்ல சொல்தான், ஆனால் பால் குடித்து வயிறு ஊதுவதையும் ஒவ்வாமை என்றே சொல்லிவிடுகிறோம். அது சமிபாட்டுக் குறை. உடலின் எதிர்ப்பாற்றல் செய்யும் வேலை அன்று.

மூன்றாவது சொல் அனபிலாக்சிஸ். பிரெஞ்சு அறிஞர்கள் ரிஷேயும் போர்ட்டியேயும் கடல் அனிமனி என்ற கடல்வாழ் உயிரியின் நஞ்சை நாய்களுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். முதல் முறை தப்பிய நாய்கள், சில வாரங்கள் கழித்துச் சிறிதளவே ஏற்றியபோது இறந்துபோயின. காப்பு உண்டாகும் என்று பார்த்தால் அதற்கு நேர்மாறு நடந்தது. அதனால் 1902இல் ‘காப்புக்கு எதிரானது’ என்ற பொருளில் பெயரிட்டார்கள். போன மாதம் இதே இறாலைச் சாப்பிட்டபோது ஒன்றும் ஆகவில்லையே என்ற வாதம் செல்லாது என்பதை அந்த நாய்களே காட்டிவிட்டன. நன்றாக வேக வைத்தோம் என்பதும் செல்லாது. இறாலில் ஒவ்வாமையைத் தூண்டும் முக்கியப் புரதமான ட்ரோப்போமயோசின் வெப்பத்தில் அழிவதில்லை.

கல்முனையில் ஒருவர் மதியம் இறால் கறியுடன் சோறு சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கால் மணி நேரத்தில் உதடு தடிக்கிறது, வயிற்றிலும் தொடையிலும் அரிப்புடன் தடிப்பு எழுகிறது. இதுவரை ஒவ்வாமை, பக்கத்திலிருந்து கவனிக்க வேண்டும். பிறகு குரல் கம்முகிறது, நெஞ்சில் இழுப்புச் சத்தம் கேட்கிறது. இப்போது இது அனபிலாக்சிஸ். தலைசுற்றி மயங்குவதும், திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பதும் இதே கணக்கில் வரும். சிலருக்குத் தடிப்பே எழாமலும் வரும்.

இதற்கு ‘ஒவ்வாமை அதிர்ச்சி’ என்ற தமிழாக்கம் எனக்கு உடன்பாடில்லை. மருத்துவத்தில் அதிர்ச்சி என்றால் இரத்த அழுத்தம் விழுந்துவிட்ட நிலை. அதுவரை காத்திருக்கலாம் என்ற எண்ணத்தை அந்தப் பெயர் தருகிறது. ‘உயிராபத்து ஒவ்வாமை’ என்பதே சரி.

இதற்கு முதல் மருந்து அட்ரினலின், வளர்ந்தவருக்கு 0.5 மில்லிகிராம், தொடைத் தசையில் ஊசியாக. பிரிட்டோன் என்ற ஒவ்வாமை மாத்திரை அரிப்பைத்தான் தணிக்கும், மூச்சுக்குழாயைத் திறக்காது. 1990ஐ அழைத்து அம்புலன்ஸ் வரும்வரை அவரை நடக்க விடாதீர்கள். படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் காலை நீட்டி உட்கார வைக்கலாம். ஊசி போட்டுத் தேறிய பிறகும் சில மணி நேரத்தில் எல்லாம் மறுபடி தொடங்கலாம் என்பதால், மருத்துவர் விடும்வரை வீட்டுக்கு அழைத்துப் போகக் கூடாது.