சிஸ்பிளாட்டின் சிகிச்சையும் குழந்தையின் காதும்: மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்காதபோது பள்ளியில் என்ன கேட்கலாம்

கல்லீரல் கட்டி, எலும்புப் புற்றுநோய், நியூரோபிளாஸ்டோமா, சில மூளைக் கட்டிகள் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்குச் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து அடிக்கடி தரப்படுகிறது. பல குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றும் இந்த மருந்து, உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச் செல்களை அழிக்கக்கூடியது. அழிந்த செல்கள் மீண்டும் வளர்வதில்லை. கார்போபிளாட்டினிலும் இந்த ஆபத்து உண்டு. வழக்கமான அளவில் குறைவு, உயர் அளவில் அதிகம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், மொத்த மருந்தளவு அதிகமானவர்கள், தலைக்குக் கதிர்வீச்சு பெற்றவர்கள் கூடுதலாகப் பாதிக்கப்படுகிறார்கள். சிகிச்சைக்கிடையே காய்ச்சலுக்காகப் போடப்படும் அமிகாசின், ஜென்டாமைசின் ஊசிகளும் காதைப் பாதிக்கக்கூடியவை. அவை போடப்பட்டிருந்தால் கேட்புத்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்டிடம் சொல்லுங்கள்.

பாதிப்பு பெரும்பாலும் இரண்டு காதுகளிலும் வரும். மிக உயர்ந்த சுருதியில் தொடங்கி மெல்லக் கீழே இறங்கும். அதனால்தான் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்பும், பாத்திரம் விழுந்தால் திடுக்கிடும். உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த சுருதியில் இருப்பதால் பேச்சு கேட்கும். மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் நுண்ணொலிகளே நழுவுகின்றன. 'காசு', 'காது' இரண்டும் அந்தக் குழந்தைக்கு ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கலாம். மின்விசிறி ஓடும் வகுப்பில், ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசும்போது நிலைமை இன்னும் மோசம். டிக்டேஷனில் பிழை வருகிறது, கவனமில்லாத பிள்ளை என்ற பெயரும் வந்துவிடுகிறது.

ஆகவே பரிசோதனை, சந்தேகம் வந்த பிறகு செய்வதல்ல, அட்டவணைப்படி செய்வது. முதல் டோஸுக்கு முன் ஒரு பரிசோதனை வேண்டும். அது இல்லாவிட்டால் பின்னால் தெரியும் குறை மருந்தால் வந்ததா, முன்பே இருந்ததா என்று சொல்ல முடியாது. அதன் பிறகு, முடிந்தவரை ஒவ்வொரு சிஸ்பிளாட்டின் சுற்றுக்கும் முன்னும், சிகிச்சை முடிந்ததும் ஒருமுறையும். அத்துடனும் நிற்கக் கூடாது. இந்த மருந்து உட்செவியில் நீண்ட காலம் தங்கிவிடுவதால், சிகிச்சை முடிந்து ஆண்டுகள் கழித்தும் கேட்புத்திறன் குறையலாம். சர்வதேச வழிகாட்டுதலின்படி ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆண்டுக்கு ஒருமுறை, 6 முதல் 12 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். குறை கண்டறியப்பட்டால் ஆடியாலஜிஸ்ட் சொல்லும் இடைவெளியில் இன்னும் அடிக்கடி.

பரிசோதனையின் தரத்தையும் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பள்ளி முகாமிலும் சில மையங்களிலும் 4000 ஹெர்ட்ஸ் சுருதியோடு சோதனையை நிறுத்திவிடுவார்கள். சிஸ்பிளாட்டின் பாதிப்பு தொடங்குவதே அதற்கு மேலே என்பதால், அந்த அறிக்கையில் 'இயல்பு' என்று எழுதியிருப்பதை நம்பி இருந்துவிட முடியாது. '6000, 8000 ஹெர்ட்ஸிலும் பார்த்தீர்களா?' என்று கேளுங்கள். மிகச் சிறிய குழந்தைக்குத் தூக்கத்தில் செய்யும் மூளைத்தண்டுச் சோதனை எடுத்தால், வெறும் 'கிளிக்' ஒலியில் மட்டும் இல்லாமல் தனித்தனி சுருதிகளிலும் எடுக்கச் சொல்லுங்கள். சளி பிடித்து நடுச்செவியில் நீர் கோத்திருந்தாலும் முடிவு மாறும். அதற்கான டிம்பனோமெட்ரியையும் அதே நாளில் செய்துவிடுவது நல்லது.

இனி அரசு உதவிக்கு வருவோம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சிகிச்சை முடித்த ஐந்து வயதுக் குழந்தை ஒன்றின் கேட்புச் சோதனை அறிக்கையான ஆடியோகிராம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டெசிபல் கூடினால் குறை அதிகம் என்ற கணக்கில், இரண்டு காதுகளிலும் 500 ஹெர்ட்ஸில் 10 டெசிபல், 1000-இல் 10, 2000-இல் 20, 4000-இல் 60, 8000-இல் 75. புற்றுநோய் மருத்துவர்கள் பயன்படுத்தும் எஸ்.ஐ.ஓ.பி. பாஸ்டன் அளவுகோலில் இது இரண்டாம் நிலைக் குறை. காதொலிக் கருவியைப் பற்றி யோசிக்க வேண்டிய அளவு. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கோ 500, 1000, 2000, 4000 ஆகிய நான்கின் சராசரியே கணக்கு. 10, 10, 20, 60 கூட்டினால் 100; நான்கால் வகுத்தால் 25 டெசிபல். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 'கேட்புக் குறைபாடு' என்று வரையறுப்பது இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல். 8000 ஹெர்ட்ஸில் உள்ள 75 டெசிபல் இந்தக் கணக்கில் சேர்வதே இல்லை.

எனவே 40 சதவீதக் குறைபாடு இருப்பதாகச் சொல்லும் சான்றிதழ் கிடைக்காது. மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்தில் இலவசக் காதொலிக் கருவி பெற அந்த 40 சதவீதம் வேண்டும். வகுப்பறையில் பேச்சின் ஒரு பகுதியை இழக்கும் குழந்தை விதியின் கண்ணில் குறையே இல்லாத குழந்தையாகிவிடுவது பெரிய அநியாயம். விதி திருத்தப்பட வேண்டும். ஆனால் சான்றிதழ் இல்லை என்பதால் பள்ளியில் எந்த உரிமையும் இல்லை என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை.

அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளி, அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளி இரண்டையும் கட்டுப்படுத்துகிறது. குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளையும் தனிப்பட்ட ஆதரவையும் தர வேண்டும் என்று அது சொல்கிறது. 40 சதவீதம் என்ற நிபந்தனையை அங்கே வைக்கவில்லை. நீண்டகாலப் புலன் குறை ஒருவர் முழுமையாகப் பங்கேற்பதைத் தடைகளோடு சேர்ந்து தடுத்தால் அவர் மாற்றுத்திறனாளி என்பதே சட்டத்தின் பொது வரையறை. 2021 பிப்ரவரியில், விகாஸ் குமார் எதிர் யுபிஎஸ்சி வழக்கில், நியாயமான வசதி பெறுவதற்கு 40 சதவீதம் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது தேர்வில் சொல்வதை எழுதும் உதவியாளர் பற்றிய வழக்கு என்றாலும், அதன் அடிப்படைக் கொள்கை பள்ளிக்கும் பொருந்தும் என்று நீங்கள் வாதிடலாம்.

தலைமை ஆசிரியருக்குக் கொடுக்கும் மனுவில் 16-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, புதிய ஆடியோகிராமையும், எந்த மருந்தால் பாதிப்பு வந்தது, அது நிரந்தரமானது என்று ஆடியாலஜிஸ்ட் எழுதிய கடிதத்தையும் இணையுங்கள். 'குழந்தைக்கு உதவுங்கள்' என்று பொதுவாக எழுதினால் பலன் இருக்காது. மின்விசிறிக்கும் ஜன்னலுக்கும் தள்ளி முன்வரிசை இடம், ஆசிரியர் வகுப்பைப் பார்த்துப் பேசுதல், டிக்டேஷன் சொற்களை ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்லுதல், வீட்டுப்பாடத்தைப் பலகையில் எழுதுதல் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஆசிரியரின் சட்டையில் மாட்டும் மைக்கிலிருந்து குழந்தையின் காதொலிக் கருவிக்கு நேராகக் குரல் போகும் ஏற்பாடு இருந்தால், அதை அணிய ஆசிரியர் சம்மதிக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வையுங்கள்.

தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி என்றால் வட்டார வள மையத்துக்கும் ஒரு நகல் போகட்டும். அங்குள்ள சிறப்பாசிரியர் பள்ளிக்கு வந்து பார்க்க முடியும். பள்ளி மறுத்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் போகலாம்; அதற்கு மேல் மாநில ஆணையர், சட்டத்தின் 80-ஆம் பிரிவின்படி புகாரை விசாரிக்கும் அதிகாரம் உள்ளவர்.

குறை பின்னர் 2000 ஹெர்ட்ஸுக்கும் இறங்கிவிட்டால் சராசரி மாறும். அப்போது புதிய ஆடியோகிராமோடு சான்றிதழுக்கு மீண்டும் விண்ணப்பிக்கலாம். முதல் டோஸுக்கு முன் எடுத்ததிலிருந்து எல்லா அறிக்கைகளையும் தேதி வரிசைப்படி ஒரே கோப்பில் வைத்திருந்தால், மருத்துவக் குழுவின் முன் குறை வளர்ந்த விதத்தை அதைக் கொண்டே காட்டலாம்.